ஆவரேஜ் 10.8%, கையில மிஞ்சினது 9,425 வெள்ளி: வாசகர் கடிதமும் பதிலும்

*அண்ணே வணக்கம். நான் செந்தூல்ல இருக்கேன், ஏர்கோன் வேல. கையில பத்தாயிரம் வெள்ளி சேந்திருக்கு. வீட்டுல ஈபிஎப்ல சொந்தமா போடுங்கறாங்க. 6% வந்தாலும் வருஷத்துக்கு 600 வெள்ளிதான், மாசம் 50, அத வச்சு என்ன பண்றது? என்கூட வேல செய்யற ஒருத்தர் ஆறு வருஷமா கிரிப்டோவும் ஷேரும் பண்றாரு. அவரு கணக்கு: மொத வருஷம் 60% ஏத்தம், அடுத்து 45% இறக்கம், 50% ஏத்தம், 40% இறக்கம், 70% ஏத்தம், போன வருஷம் 30% இறக்கம். ஏறினத கூட்டி எறங்கினத கழிச்சு ஆறால வகுத்தா வருஷத்துக்கு ஆவரேஜ் 10.8% வருது, நானும் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு. 6%-க்கு 10.8% பெருசுதானே? நான் எங்கயாவது தப்பா புரிஞ்சுக்கிட்டேனா?*

*– செந்தூல் வாசகர் (பேரு போட வேணாம்ணே)*

தம்பி, வணக்கம்.

உங்க கூட்டாளி பொய் சொல்லல, கால்குலேட்டரும் பொய் சொல்லல. ஆனா அந்த 10.8%-அ யாரும் கையில வாங்கவே முடியாது, ஏன்னா பெர்சென்ட்ட கூட்டிக் கழிச்சா காசு கணக்கு வராது, ஒவ்வொரு வருஷ பெர்சென்ட்டும் வேற வேற தொகை மேல நிக்குது. அதனால பெர்சென்ட்ட விட்டுட்டு வெள்ளியில எழுதிப் பாப்போம், பேப்பர் பேனா போதும்.

அவரு 10,000 வெள்ளியில ஆரம்பிச்சாருன்னு வச்சுக்குங்க. மொத வருஷம் 60% ஏறி 16,000. ரெண்டாவது வருஷம் 45% எறங்குது, ஆனா இப்ப அது எறங்கறது பத்தாயிரத்துல இருந்து இல்ல, பதினாறாயிரத்துல இருந்து. 7,200 வெள்ளி போச்சு. சம்பாரிச்சது 6,000, விட்டது 7,200. 60 பெரிய நம்பரு, 45 சின்ன நம்பரு, ஆனா வெள்ளியில சின்ன நம்பருதான் ஜெயிச்சிருக்கு. மிச்சம் 8,800. இங்கயே பாதி விஷயம் முடிஞ்சிருச்சு, மத்ததெல்லாம் இதே கதைதான்.

மூணாவது வருஷம் 50% ஏத்தம், ஆனா 8,800 மேலதான் ஏறுது, 13,200 ஆவுது. நாலாவது வருஷம் 40% இறக்கம், 7,920. அஞ்சாவது வருஷம் 70% ஏத்தம், 13,464. ஆறாவது வருஷம் 30% எறங்கி 9,425 வெள்ளி சொச்சம். ஆறு வருஷம் ராத்திரி கைப்போன தடவி தடவிப் பாத்துட்டு, போட்ட காசுல 575 வெள்ளி கொறைவு. ஏறின வருஷங்கள்ல வந்தத மட்டும் கூட்டினா 15,944, எறங்கின வருஷங்கள்ல போனத கூட்டினா 16,519. ராசி சரியில்ல, வரிசை மாறியிருந்தா தப்பிச்சிருப்பாருன்னு சொல்லாதீங்க, இது வெறும் பெருக்கல், எந்த வரிசையில போட்டாலும் அதே 9,425-தான் வரும்.

அதே பத்தாயிரம் வருஷா வருஷம் 6% ஏறினா? 10,600, 11,236, 11,910, 12,625, 13,382, ஆறாவது வருஷக் கடைசில 14,185.

இப்ப அஞ்சாவது வருஷத்த திரும்பப் பாருங்க. கூட்டாளிகிட்ட 13,464, ஈபிஎப்காரர்கிட்ட 13,382. அந்த வருஷக் கடைசில மாமாக் கடையில உக்காந்து பேசியிருந்தா ஜெயிச்சது உங்க கூட்டாளிதான். இந்த மாதிரி கதைங்க நம்ம காதுக்கு வர்றது எப்பவுமே மொத வருஷம், மூணாவது வருஷம், அஞ்சாவது வருஷம். ரெண்டு, நாலு, ஆறுல யாரும் தே தாரிக் வாங்கிக் குடுத்து கணக்கு சொல்ல மாட்டாங்க. உங்க கூட்டாளி எறங்கினதையும் சேத்து சொல்லியிருக்காரு பாருங்க, அந்த வகையில நேர்மையான மனுஷன்.

சரி, இதுக்காக ஆவரேஜே தப்புன்னு சொல்ல வரல. ஆறு வருஷமும் ஒரே சீரா 10.8% ஏறியிருந்தா அந்த பத்தாயிரம் 18,500 சொச்சம் ஆகியிருக்கும். ஆவரேஜ் ஒன்னுதான், ஒருத்தர் கையில 18,500, இன்னொருத்தர் கையில 9,425. நடுவுல இருக்கற ஒன்பதாயிரத்த தின்னது ஏத்த இறக்கம் மட்டும்தான். ஆட்டம் பெருசா இருக்க இருக்க ஆவரேஜுக்கும் கைக்கு வர்றதுக்கும் தூரம் ஜாஸ்தியாயிட்டே போகும். 20% எறங்கினா பழைய இடத்துக்கு வர 25% ஏறணும், 50% எறங்கினா 100% ஏறணும், 80% எறங்கினா 400%. கிரிப்டோவுல 80% எறங்கின காயின் ஒன்னும் அதிசயம் இல்ல.

ஆட்டம் சின்னதா இருந்தா என்ன ஆவுதுன்னு நம்ம ஈபிஎப்ப வச்சே பாக்கலாம், இது கற்பனை நம்பர் இல்ல, சாதா கணக்குக்கு 2016-ல இருந்து அவங்க அறிவிச்ச டிவிடென்ட்: 5.70, 6.90, 6.15, 5.45, 5.20, 6.10, 5.35, 5.50, 2024-க்கு 6.30. ஒன்பது வருஷம். ஆவரேஜ் போட்டா 5.85%. 2016 ஆரம்பத்துல கிடந்த 10,000 வெள்ளிய ஒவ்வொரு வருஷ டிவிடென்ட்டாலயும் பெருக்கிட்டே வந்தா 2024 கடைசில 16,679. சீரா 5.85%-ன்னு வச்சு பெருக்கினா 16,681. வித்தியாசம் ரெண்டு வெள்ளி! இங்க ஆவரேஜ நம்பலாம், ஏன்னா மேலயும் கீழயும் ஒரு பெர்சென்ட் சொச்சத்துக்குள்ளதான் ஆடியிருக்கு, எந்த வருஷமும் மைனஸ் போகல. இனிமேலும் இதே ரேட்டுதான் வரும்னு யாரும் எழுதிக் குடுக்கல, சாதா கணக்குக்கு சட்டப்படி உறுதி 2.5% மட்டும்தான், அத மறந்துட வேணாம். வெலவாசி ஏறறதையும் கழிச்சா நெசமான ஏத்தம் இன்னும் கொறைவு, அது கூட்டாளி கணக்குக்கும் பொருந்தும்.

அந்த 600 வெள்ளிக்கு வரேன். மொத வருஷம் 600 சின்னதாத்தான் தெரியும், தெரியாம இருக்குமா. ஆனா நீங்க இந்த பத்தாயிரத்தோட நிக்கப் போறதில்லல்ல? தனியா ஒரு கணக்கு பாருங்க. மாசம் 300 வெள்ளி ஒதுக்கி வருஷக் கடைசில 3,600-ஆ போடறீங்க, டிவிடென்ட் 5.5%-ன்னு வைங்க. ரெண்டாவது வருஷம் வர்ற டிவிடென்ட் 198 வெள்ளி, சிரிப்புதான் வரும். பத்து வருஷம் வரைக்கும் கணக்கு ஏறறதுல பெரும்பங்கு உங்க சொந்தக் காசுதான், அந்த காலத்துல ரேட்டு 5-ஆ 6-ஆன்னு மண்டைய ஒடைக்கறதவிட மாசம் 300-அ விடாம போடறதுதான் முக்கியம். பதினாலாவது வருஷம் வர்ற டிவிடென்ட் 3,621, அதாவது மொத தடவையா நீங்க போடறதவிட அது போடறது ஜாஸ்தி. இருபதாவது வருஷத்துக்கு மட்டும் டிவிடென்ட் 6,350-க்கு மேல. கடைசில கணக்குல 1,25,500 சொச்சம், அதுல நீங்க போட்டது 72,000. ஆறாவது ஏழாவது வருஷத்துலயே பொறுமை போயி நிறுத்திட்டீங்கன்னா, அது ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தின மாதிரி.

இதவிட மோசமான ஒன்னு இருக்கு, அதப் பத்தி உங்க கூட்டாளி சொல்லல, கேட்டுப் பாருங்க. 60% ஏறின வருஷம் முடிஞ்சதும் மனுஷன் சும்மா இருப்பானா? போனஸ், ஓவர்டைம் காசு, பொண்டாட்டி நகைன்னு எல்லாத்தையும் கொண்டு போயி கொட்டத் தோணும். பத்தாயிரம் பதினாறாயிரம் ஆன ஒடனே இன்னும் 20,000 போட்டாருன்னு வைங்க. இப்ப உள்ள 36,000 இருக்கு. அடுத்த வருஷம் அதே 45% இறக்கம், மிச்சம் 19,800. கையிலருந்து போட்டது 30,000, ஆக 10,200 வெள்ளி நஷ்டம், மூணுல ஒரு பங்கு. காசு சேக்காம இருந்தவருக்கு அந்த ரெண்டு வருஷத்துல நஷ்டம் வெறும் 12%-தான். மார்க்கெட் ஒன்னுதான், பெர்சென்ட்டும் ஒன்னுதான், காசு எப்ப உள்ள போச்சுங்கறதுதான் வேற. ஏறினத பாத்துட்டு பெருசா போடறவனுக்கு ஏத்தம் சின்ன காசு மேலயும் இறக்கம் பெரிய காசு மேலயும் விழும், வரிசை மாறினா ஒன்னும் ஆகாதுன்னு மேல சொன்னேனே, அது நடுவுல காசு சேக்காதவங்களுக்கு மட்டும்தான். அதனால அவர்கிட்ட பெர்சென்ட் கேக்காதீங்க. ஆறு வருஷத்துல மொத்தம் எவ்ளோ உள்ள போட்டீங்க, எவ்ளோ வெளிய எடுத்தீங்க, இன்னைக்கு எவ்ளோ இருக்கு, மூணே கேள்வி. மூணுக்கும் பதில் ஆப்புல இருக்கும்.

உங்க பத்தாயிரத்துக்கு நான் என்ன பண்ணுவேன்னு கேட்டா, அந்த பக்கமே போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆசை இருக்குன்னு கடிதத்துலயே தெரியுது. 9,000-அ ஈபிஎப்ல போட்டு 1,000-அ மட்டும் அவரு பண்றதுல போடுங்க. 6% ஆறு வருஷம் வந்தா 9,000 வெள்ளி 12,767 ஆகும். அந்த ஆயிரம் சுத்தமா பூஜ்யம் ஆனாலும் மொத்தத்துல 2,767 லாபம், பத்து மடங்கு ஆனா கையில மொத்தம் 22,767. ஒரே ஒரு ஒழுங்கு, ஏறினாலும் எறங்கினாலும் அந்த ஆயிரத்தோட இன்னொரு வெள்ளி சேக்கக் கூடாது, இதுதான் கஷ்டம்.

ஒன்னு மட்டும் போடறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க. ஈபிஎப்ல 55 வயசுக்குள்ள போடற காசு 2024 மே மாசத்துலருந்து மூணு கணக்கா பிரியுது, 75% ஓய்வுக்கு, 15% வீடு, வைத்தியம், படிப்பு மாதிரி காரியத்துக்கு, 10% மட்டும்தான் நெனச்ச நேரத்துல எடுக்கலாம். நீங்க போடற 9,000-ல ஒடனே கைக்கு வரக்கூடியது 900 வெள்ளிதான், 6,750 உங்க 55 வயசு வரைக்கும் நகராது. ஏர்கோன் வேலைக்கு வேன் வேணும், டூல்ஸ் வேணும், ரெண்டு வருஷத்துல இந்த காசு தேவைப்படும்னா அந்த பங்க பிரிச்சு பேங்க்ல பிக்ஸட்ல வைங்க, ரேட்டு ஈபிஎப்ப விட கொறைவுதான், ஆனா வேன் வாங்கற அன்னைக்கு எடுத்துக்கலாம்.