பிரஸ் ஹோஸ் வெடிக்குது, பம்ப் ஊளையிடுது: எந்த லைனுக்கு எந்த ஹோஸ் வாங்கணும்?

"அண்ணா, பிளை ஆஷ் செங்கல் மெஷின் ஓட்டுறேன். 10 ஹெச்பி மோட்டார், 16 சிசி கியர் பம்ப், ரிலீஃப் 160 பார்ல இருக்கு. பிரஸ் சிலிண்டர் பாடியே 300 மில்லி ஏறி இறங்குற மாடல், அதுக்குப் போற அரை இஞ்ச் ஆர்2 ஹோஸ் யூ மாதிரி தொங்குது, ரெண்டு காலுக்கும் நடுவுல 280 மில்லி இடம்தான். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபிட்டிங்க ஒட்டியே வெடிக்குது. கடைல நாலு கம்பி ஹோஸ் போடச் சொல்றாங்க. சக்‌ஷனுக்கு முக்கால் இஞ்ச், ரிட்டனுக்கு அரை இஞ்ச், எல்லாமே ஆர்2தான். காலைல பம்ப் ஊளையிடுது. என்ன ஹோஸ் வாங்குறது?"

தம்பி, நாலு கம்பி ஹோஸ் மட்டும் வாங்கிராதீங்க. காசும் கூட, உங்க மெஷின்ல அது இப்ப இருக்கறத விட சீக்கிரமா போக வாய்ப்பு இருக்கு. ஏன்னு சொல்றேன்.

அரை இஞ்ச் ஆர்2, அதாவது ஐரோப்பிய ஸ்டாண்டர்டுல 2எஸ்என்னு சொல்ற ரெண்டு பின்னல் கம்பி ஹோஸ், அதோட வொர்க்கிங் பிரஷர் 275 பார். உங்க ரிலீஃப் 160. வால்வு டக்குனு மாறும்போது வர்ற ஸ்பைக்க சாதா கேஜ் முள்ளு காட்டாது, அது 200, 220ன்னு போனாக்கூட இந்த ஹோஸ் தாங்கும். சில கடைல "இது 1100 பார் வரைக்கும் தாங்கும்"னும் சொல்லுவாங்க, அது பர்ஸ்ட் பிரஷர், வொர்க்கிங் பிரஷரோட நாலு மடங்கு, லேப்ல ஒரு தடவை ஏத்தி உடைச்சுப் பாக்குற நம்பர், அத வச்சு ஹோஸ் எடுக்கவே கூடாது. ஸ்பைக்கையும் சேத்து வர்ற பிரஷர் வொர்க்கிங் பிரஷருக்குக் கீழ இருக்கணும், அவ்வளவுதான் கணக்கு. அப்படிப் பாத்தா உங்க ஹோஸ் பிரஷர் பத்தாம வெடிக்கல.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு 4 ஸ்ட்ரோக், ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னு வச்சா 1920 ஸ்ட்ரோக், மாசம் 25 நாள்னா 48,000, மூணு மாசத்துல கிட்டத்தட்ட 1,44,000. 2எஸ்என் ஹோஸுக்கு ஸ்டாண்டர்டுல இருக்கற, பிரஷர திரும்பத் திரும்ப ஏத்தி இறக்கிப் பாக்குற இம்பல்ஸ் டெஸ்ட்டே 2 லட்சம் தடவை, அதுவும் 275ல இல்ல, அதோட 133 சதவீதம், 366 பார் கிட்ட, ஆயில் 100 டிகிரி சூட்டுல. அந்தப் பாடு படுத்தியும் 2 லட்சம் தாங்க வேண்டிய ஹோஸ் உங்க 160 பார்ல 1,44,000லயே சாகுதுன்னா வேற ஏதோ அத கொல்லுது. அதான் வளைவு.

ஒவ்வொரு ஹோஸுக்கும் இவ்வளவுக்கு மேல மடக்கக் கூடாதுன்னு ஒரு பெண்ட் ரேடியஸ் இருக்கு, வளைவோட உள்பக்கத்துல அளக்கணும். அரை இஞ்ச் 2எஸ்என்க்கு அது 180 மில்லி. யூ மாதிரி தொங்கணும்னா ரெண்டு காலுக்கும் நடுவுல 360 மில்லி வேணும். உங்ககிட்ட இருக்கறது 280, அப்ப ரேடியஸ் 140தான். கடைல சொன்ன நாலு கம்பி ஹோஸ் 4எஸ்பின்னா அது 415 பார், கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதோட ரேடியஸ் 230, அப்ப 460 மில்லி இடம் வேணும். விறைப்பான ஹோஸ், 280ல போட்டா வளைய மாட்டாம ஃபிட்டிங்கப் போட்டு நெம்பும்.

நீங்க கேக்க வேண்டியது 2எஸ்சி. இதுவும் ரெண்டு பின்னல் கம்பிதான், அரை இஞ்ச்ல அதே 275 பார்தான், ஆனா வெளி விட்டம் கொஞ்சம் கம்மி, நல்லா வளையும், ரேடியஸ் 130 மில்லி. உங்க 140க்குள்ள அடங்கிருது. ரொம்ப மிச்சம் இல்ல, அதனால பிராக்கெட்ட வெல்டு வச்சு 300, 320க்குத் தள்ள முடிஞ்சா தள்ளிருங்க.

பழைய ஹோஸ தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்தா ஃபிட்டிங் பக்கத்துல ஒரு ஜாண் விட்டு அறுத்து, மேல் ரப்பர பிளேடால சீவிப் பாருங்க. வளைவோட முதுகுப் பக்கத்துல, ஹோஸ் மேல அமுக்கிருக்கற ஃபிட்டிங் குழாய், அதான் ஃபெருல், அது முடியற எடத்துல, கம்பி ஒண்ணு ரெண்டா அறுந்து ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், மத்த பக்கம் கம்பி புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும். அப்படி இருந்தா வளைவுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். ஹோஸ் அறுபடாம ஃபிட்டிங்க விட்டு முழுசா உருவிக்கிட்டு வந்திருந்தா கிரிம்பிங் தப்பு. கம்பி பூரா துரு பிடிச்சிருந்தா மேல் ரப்பர் எங்கயோ உரசி தண்ணி உள்ள போயிருக்கு.

சரியான ஹோஸ் வாங்கியும் நீளம் தப்பா வெட்டினா திரும்ப அதே கதைதான். பிரஷர் ஏறும்போது ஹோஸ் நீளம் மாறும், 2 சதவீதம் கூடலாம், 4 சதவீதம் வரைக்கும் சுருங்கலாம். இழுத்துக் கட்டின ஹோஸ் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஃபிட்டிங்கப் புடிச்சு இழுக்கும். உங்களுக்கு நான் போடுற கணக்கு இதுதான்: நிலையா நிக்கிற முனைய ஸ்ட்ரோக்கோட நடு உயரத்துல வைங்க, அப்ப ஓடுற முனை மேல 150, கீழ 150ன்னு போகும். அந்த 150, வளைவுக்கு ஹோஸோட நடுக்கோட்டுல சுமார் 150 ரேடியஸ்னு வச்சா 470, ரெண்டு ஃபிட்டிங்குக்குப் பக்கத்துலயும் வளையாம நேரா நிக்க 40, 40. கூட்டினா 700, சுருங்கறதுக்கு 30 சேத்தா 730 மில்லி. இது ஃபிட்டிங் இல்லாம வெறும் ஹோஸ் மட்டும். அந்த 40 மில்லி நேர்த்துண்டு ரொம்ப முக்கியம், ஹோஸோட வெளி விட்டத்துக்கு ஒன்றரை மடங்காவது ஃபிட்டிங்க விட்டு நேரா வந்து அப்புறம்தான் வளையணும், உங்களுது அங்கதான் வெடிக்குது.

மாட்டும்போது ரெண்டு ஸ்பேனர் எடுத்துக்கோங்க, ஒண்ணு ஹோஸ் பக்க ஹெக்ஸப் புடிக்க, ஒண்ணு நட்டு முறுக்க. ஹோஸ் மேல நீளவாக்குல பேரு, சைஸ், பார் எல்லாம் பிரிண்ட் பண்ணிருக்கும்ல, அந்த வரி நேரா ஓடணும், கயிறு மாதிரி சுத்திக்கிட்டு போச்சுன்னா ஹோஸ் முறுக்கிருக்கு, கழட்டி திரும்ப மாட்டுங்க.

இப்ப பம்ப் ஊளை. 16 சிசி பம்ப் 1440 ஆர்பிஎம்ல சுமார் 23 லிட்டர் தரும். ஹோஸ்ல ஆயில் என்ன வேகத்துல ஓடுதுன்னு பாக்க ஒரு சின்ன ஃபார்முலா இருக்கு:

வேகம் (மீட்டர்/செகண்ட்) = 21.2 × லிட்டர்/நிமிஷம் ÷ (உள் விட்டம் மில்லில)²

பிரஷர் லைன்ல 3 முதல் 6 வரைக்கும் இருக்கலாம், அரை இஞ்ச்ல 23 லிட்டருக்கு 3 வருது, அங்க பிரச்சனை இல்ல. சக்‌ஷன்ல 1 மீட்டர் கிட்டயே நிக்கணும், 1.2க்கு மேல போகக் கூடாது. உங்க முக்கால் இஞ்ச்ல 1.34 வருது. பிரஷர் லைன்ல பம்ப் ஆயில தள்ளுது, சக்‌ஷன்ல ஆயில தள்ளுறது டேங்குக்கு மேல இருக்கற காத்து மட்டும்தான், அதுக்கு பலம் ஒரு பார் கூட முழுசா இல்ல. காலைல ஆயில் குளிர்ந்து கெட்டியா இருக்கும்போது குறுகலான ஹோஸ் வழியா வர முடியாம பம்ப் வாய்ல வெற்றிடம் ஆகி ஊளையிடும், ஆயில் சூடானா சத்தம் குறையும். ஒரு இஞ்ச் போட்டா வேகம் 0.76 ஆயிரும்.

ஆனா ஒரு இஞ்ச் ஆர்2 வாங்காதீங்க. ஆர்2ல இருக்கற பின்னல் கம்பி உள்ள இருந்து வெளிய தள்ளுற பிரஷர தாங்கறதுக்கு, உள்ள உறிஞ்சும்போது உள் ரப்பரப் புடிச்சு நிறுத்தறதுக்கு இல்ல. நாளாவட்டத்துல உள் ரப்பர் உரிஞ்சு வழிய அடைக்கும், வெளிய இருந்து பாத்தா ஹோஸ் நல்லாத்தான் தெரியும். சக்‌ஷனுக்குன்னே இருக்கறது ஆர்4, உள்ள ஸ்பிரிங் மாதிரி சுருள் கம்பி போகும், அதான் வெற்றிடத்துலயும் வாய மூட விடாது. ஒரு இஞ்ச் ஆர்4க்கு வொர்க்கிங் பிரஷர் வெறும் 17 பார்தான், தப்பித் தவறி பிரஷர் லைன்ல போட்டுராதீங்க.

மாத்தினப்புறமும் சத்தம் இருந்தா டேங்க்ல ஆயிலப் பாருங்க. நுரையா, மோர் கலர்ல இருந்தா எங்கயோ காத்து இழுக்குது, பம்ப் ஓடும்போது சக்‌ஷன் ஜாயின்ட் ஒவ்வொண்ணு மேலயும் கொஞ்சம் ஆயில் விடுங்க, எந்த ஜாயின்ட்ல விடும்போது சத்தம் மாறுதோ அதான் லீக். ஆயில் தெளிவா இருந்தும் சத்தம் வந்தா ஸ்ட்ரெய்னர் அடைப்பு. பம்ப் வாய்ல ஒரு வேக்குவம் கேஜ் போட்டா இன்னும் சுலபம், பொதுவா கியர் பம்புக்கு மைனஸ் 0.2, 0.3 பார் கிட்டதான் எல்லை.

ரிட்டன்ல நெறைய பேர் கோட்ட விடுறாங்க. பம்ப் 23 லிட்டர்தான் தருது, அப்ப ரிட்டன்லயும் 23தானேன்னு நினைப்பாங்க. சிலிண்டர் போர் 100, ராடு 70னு வைங்க. ராடு பக்கம் ஆயில் போய் சிலிண்டர் திரும்பும்போது ராடு இல்லாத பக்கத்துல இருந்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு, 45 லிட்டர் வெளிய வரும். அரை இஞ்ச்ல அது 5.9 மீட்டர் வேகம், ரிட்டனுக்கு 3 மீட்டர் கிட்ட இருக்கறது நல்லது. முக்கால் இஞ்ச் போட்டா 2.6. அதனால உங்க ரிட்டனுக்கு முக்கால் இஞ்ச் ஆர்4 போதும், அது 20 பார் கிட்ட தாங்கும், ரிட்டன் ஃபில்டரும் 45 லிட்டருக்குப் பாத்து போடுங்க. உங்க சிலிண்டரோட அளவு வேறன்னா போரோட ஸ்கொயர் ஒரு பக்கம், போர் ஸ்கொயர்ல ராடு ஸ்கொயர கழிச்சது இன்னொரு பக்கம், வகுத்தா எத்தன மடங்குன்னு வந்துரும். ரிட்டன் பைப் முனை டேங்க்ல ஆயில் மட்டத்துக்குக் கீழ இருக்கணும், மேல இருந்து கொட்டினா நுரை கட்டி அந்த நுரையே சக்‌ஷனுக்குப் போகும்.

கடைல கிரிம்ப் பண்ணும்போது கூட நில்லுங்க. 2எஸ்சிக்கும் 2எஸ்என்க்கும் வெளி விட்டம் வேற, அதனால கிரிம்ப் அளவும் வேற, பழைய அளவுலயே அமுக்கினா ஒரு நாள் ஹோஸ் உருவிக்கிட்டு வரும். அவங்க சார்ட்ல 2எஸ்சிக்கு என்ன அளவுன்னு காட்டச் சொல்லி, அமுக்கின ஃபெருல வெர்னியர்ல நீங்களே அளந்து பாத்துட்டு வாங்குங்க.

புது ஹோஸ் மாட்டி மொத தடவை ஓட்டும்போது லீக் இருக்கான்னு கையால தடவிப் பாக்காதீங்க, ஊசிமுனை ஓட்டைல 160 பார்ல வர்ற ஆயில் தோலத் துளைச்சு உள்ள போயிரும், வெளிய சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், வலி கூட உடனே இருக்காது, ஆனா உடனடியா ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணி சுத்தம் பண்ணலன்னா விரலையே எடுக்கற நிலைமை வரும். ஒரு அட்டைய குச்சில கட்டி ஹோஸ் ஓரமா நீட்டிப் பாருங்க, ஆயில் பட்டா அட்டைல தெரிஞ்சிரும்.