வெளியே பச்சை, உள்ளே சிவப்பு

"நான் கோவையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். குழுவில் மற்றவர்கள் சென்னை, புனே, டல்லாஸ் என்று சிதறியிருக்கிறார்கள். வெள்ளிதோறும் 14 நிமிட வீடியோவில் வேலை நிலவரம் சொல்லி அனுப்புகிறேன். ஸ்லைடு, கலர், சதவீதம் எல்லாம் உண்டு. இருந்தும் திங்களன்று ஆளாளுக்கு 'எதுவரை வந்திருக்கு?' என்று கேட்கிறார்கள். போன வார ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?"
— வாசகி, கோவை

மூன்றாவது ஸ்லைடில்தான். பழைய சர்வரிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றும் வேலைக்குப் பச்சை வட்டமும் 80 சதவீதமும் போட்டிருக்கிறீர்கள். 50 டேபிளில் 40 மாறிவிட்டன, சரி. ஆனால் மிச்சமுள்ள பத்தில்தான் பணப் பரிவர்த்தனை டேபிள்கள் இருக்கின்றன என்று கீழே பொடி எழுத்தில் உங்கள் குறிப்பே சொல்கிறது. கஷ்டமான பகுதியை இன்னும் தொடவே இல்லை. ப்ராஜெக்ட் வட்டாரத்தில் இதைத் தர்பூசணி என்பார்கள்.

கலரைத் தேதியோடு கட்டிப்போடுங்கள். குறித்த நாளில் முடியும் என்றால் பச்சை. யாராவது குறுக்கே வந்து உதவினால்தான் முடியும் என்றால் மஞ்சள். நாள் தள்ளிப்போவது உறுதி என்றால் சிவப்பு. வட்டத்துக்குள் அந்தச் சொல்லையும் எழுதுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் உங்கள் குழுவிலேயே இருக்கலாம், வெளியே சொல்லியிருக்க மாட்டார்.

சதவீதத்தை எடுத்துவிட்டு எண்ணிக்கையைப் போடுங்கள்: "50இல் 40 மாற்றியது, 31 சரிபார்த்தது." பழைய சர்வரிலும் புதியதிலும் வரிசைகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் ஒத்துப்போனால்தான் ஒரு டேபிள் 'சரிபார்த்தது' கணக்கில் சேர வேண்டும். இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள அந்த ஒன்பதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அப்புறம் அந்தக் கடைசி ஸ்லைடு. "டெஸ்டிங் வெள்ளிக்குள் முடிக்கப்படும்." யார் முடிப்பார்? எந்த ஊர் வெள்ளி? டல்லாஸில் வெள்ளி மாலை 6 மணி என்றால் கோடையில் நமக்குச் சனி அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. அதனால் ஒரு வேலைக்கு ஒரே ஆளின் பெயர், ஒரு தேதி, இந்திய நேரம், டல்லாஸ் நேரம் என்று எழுதுங்கள். 'குழு' என்று மட்டும் எழுத வேண்டாம், ஆளுக்கு ஆள் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். மூன்று வேலைகளுக்கு மேல் வைத்தால் போனில் பார்ப்பவருக்கு எழுத்து தெரியாது.

14 நிமிடம் அதிகம். சிவப்பாக இருப்பதையும், அதற்கு யாரிடம் என்ன வேண்டும் என்பதையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். பச்சையாக இருப்பவற்றை வாசிக்கவே வேண்டாம், ஸ்லைடில் இருந்தால் போதும். இப்படிச் செய்தால் நான்கு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஸ்லைடு ஸ்லைடாகத் தனித்தனியே பதிவு செய்தால், ஒரு எண் தவறினாலும் அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுக்கலாம்.

வீடியோ இணைப்பை அனுப்பும் மெசேஜிலேயே அந்த மூன்று வேலைகளையும் எழுத்திலும் போட்டுவிடுங்கள். தேதி மறந்தவர் வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க மாட்டார், உங்களைத்தான் கேட்பார்.