மேல் இடைவெளியில் திறந்தால் உடனே புட் வாங்கலாமா?

கேள்வி: முந்தைய நாள் முடிவு விலைக்கும் இன்றைய திறப்பு விலைக்கும் இடையே விழும் கேப் எல்லாம், விலை பழைய இடத்துக்கே திரும்பி, நிரம்பியே தீரும் என்கிறார்கள். அதை நம்பி, நிஃப்டி கேப் அப் ஆகும்போதெல்லாம் விலை இறங்கினால் லாபம் தரும் வாராந்திர புட் ஆப்ஷன் வாங்குகிறேன். லாபத்தைவிட நஷ்டமே அதிகம். எந்த கேப் நிரம்பும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெரும்பாலான கேப்கள் என்றாவது ஒருநாள் நிரம்பலாம். ஆனால் உங்கள் ஆப்ஷன் சில நாள்களில் காலாவதியாகிவிடும். அதற்குள் நிரம்புமா என்பதை மட்டும் பாருங்கள்.

முதலில், திறப்பு விலை முந்தைய நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ளே இருக்கிறதா என்று கவனியுங்கள். நேற்று நிஃப்டி 24,000க்கும் 24,200க்கும் இடையே ஆடி 24,100இல் முடிந்தது, இன்று 24,160இல் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய செய்தி எதுவும் இல்லையென்றால், 9 மணிக்குத் தொடங்கும் முன்திறப்பு அமர்வில் குவிந்த ஆர்டர்கள்தான் இந்த 60 புள்ளிகளுக்குக் காரணம். அவை தீர்ந்ததும் விலை 24,100க்குத் திரும்புவது சகஜம். அன்றே நிரம்பும் வாய்ப்பு அதிகம் உள்ள கேப் இந்த வகைதான்.

நேற்றைய உச்சத்தையும் தாண்டித் திறந்தால், பின்னாலுள்ள செய்தியை எடைபோட வேண்டும். 2024 மே 31 அன்று 22,530இல் முடிந்த நிஃப்டி, வாக்குக் கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று 23,338 அருகே திறந்தது. அன்றைய உச்சமும் ஏறக்குறைய அதே விலைதான். திறப்புக்குப் பிறகு மேலும் விலை கொடுத்து வாங்க ஆளில்லை. ஆனாலும் கேப் அன்று நிரம்பவில்லை, 23,264இல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் கணிப்பு பொய்த்ததும் 21,281 வரை சரிந்து, கேப் முழுவதும் காணாமல் போனது.

2025 மே 12 இதற்கு நேரெதிர். இந்தியா–பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்துக்குப் பிறகு, முந்தைய முடிவான 24,008க்கு மேலே 24,420இல் திறந்தது. அதன் பிறகும் வாங்குபவர்கள் விடவில்லை. 24,925 அருகே முடிந்தது. அடுத்து வந்த வாரங்களிலும் அந்த கேப் நிரம்பவில்லை. ஜூன் 3 கேப் வெறும் எதிர்பார்ப்பின் மேல் நின்றது. மே 12 கேப் நடந்தேறிய நிகழ்வின் மேல். அன்று காலை புட் வாங்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எனவே 9.15க்கே வாங்காதீர்கள். 9.45 வரை உருவாகும் உச்சத்தையும் தாழ்வையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாழ்வு உடைந்தால் மட்டும் புட்டைப் பரிசீலியுங்கள்; இலக்கு, நேற்றைய முடிவு விலை. மீண்டும் அந்த உச்சத்தைத் தாண்டினால் உடனே வெளியேறுங்கள். தாழ்வு உடைந்த பிறகும் பல நாள்களில் விலை திரும்பி ஏறிவிடும். ஆகவே முழுவதும் இழந்தாலும் தாங்கக்கூடிய பிரீமியத்துக்கு மேல் போடாதீர்கள்.

தனிப் பங்குகளில் இன்னொன்றையும் சரிபாருங்கள். டிவிடெண்ட், போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றின் பலன் இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் எக்ஸ்-தேதியில் விலை தானாகவே கீழே திறக்கும். அது கணக்குச் சரிக்கட்டல். அந்த இடைவெளி நிரம்பும் என்று காத்திருக்கக் காரணமே இல்லை.