செவ்வாய் ஏழிலா, ஆறிலா?

"என் மகளுக்கு தனுசு லக்னம், கடக ராசி. ராசிக் கட்டத்தில் 7-ல் இருக்கும் செவ்வாய், பாவகக் கட்டத்தில் 6-க்குப் போய்விட்டார். செவ்வாய் தோஷம் இல்லை என்கிறார் தரகர். பரிகாரம் செய்தே ஆகவேண்டும் என்கிறார் ஜோதிடர். யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதும் பாதிதான் சரி. ராசிக் கட்டம் ஒரு ராசியை ஒரு வீடாக எண்ணும்; பாவகக் கட்டம் லக்னம் நிற்கும் பாகையிலிருந்து வீடுகளை அளக்கும்.

நீங்கள் அனுப்பிய ஜாதகத்தில் லக்னம் தனுசு 26 பாகை. அதற்கு நேர் எதிரே மிதுனம் 26 பாகைதான் ஏழாம் வீட்டின் நடுப்புள்ளி. அதற்கு முன்னும் பின்னும் 15 பாகை விட்டால், மிதுனம் 11-ல் தொடங்கி கடகம் 11-ல் அந்த வீடு முடிகிறது. செவ்வாய் நிற்பதோ மிதுனம் 5-ல். வாசலுக்கு வெளியே, ஆறாம் வீட்டில்.

ஆனால் வீடு மாறினாலும் ராசி மாறவில்லை. செவ்வாய் இப்போதும் மிதுனத்தில்தான் இருக்கிறார். புதன் வீட்டில்தான் இருக்கிறார். பார்வையும் அங்கிருந்துதான். ஏழாம் பார்வை லக்னத்தில் விழுகிறது; எட்டாம் பார்வை குடும்ப ஸ்தானமான மகரத்தில் விழுகிறது. ஆகவே கணவரைக் குறிக்கும் இடத்தில் செவ்வாய் உட்கார்ந்திருக்கிறார் என்ற பயம் குறைகிறது. பெண்ணுக்கு வரும் கோபமும், பேச்சில் உள்ள சூடும் குறையாது. அதைப் பொறுத்துக்கொள்ளும் ஜாதகமாகப் பாருங்கள்.

தரகர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நம் பக்கத்தில் தோஷத்தை லக்னத்திலிருந்து மட்டும் பார்ப்பதில்லை, சந்திரனிலிருந்தும் பார்க்கிறோம். சந்திரனிலிருந்து எண்ணும்போது பாவகம் கிடையாது. ராசி ராசியாகத்தான் எண்ணவேண்டும். கடகத்துக்கு மிதுனம் பன்னிரண்டாம் இடம். அங்கே செவ்வாய் இருந்தால் தோஷம்தான். லக்னத்துக்கு முழுப் பங்கு, சந்திரனுக்குப் பாதி என்பது வழக்கம். அதனால் உங்கள் மகளுக்கு இருப்பது பாதி தோஷம். இதைத் திருமணத் தளங்களில் எப்படிப் பதிவது? அங்கே பெரும்பாலும் 'உண்டு', 'இல்லை' என்றுதான் கேட்கிறார்கள். அந்த ஒரு கேள்வியால் நின்றுபோன சம்பந்தங்கள் எத்தனையோ!

பரிகாரத்துக்குப் பணம் கட்டுமுன் பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள். லக்னம் ஒரு பாகை நகர ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். செவ்வாய் எல்லையிலிருந்து ஆறு பாகை தள்ளி இருப்பதால், நேரம் சுமார் 25 நிமிடம் பிசகினால்தான் அவர் ஏழுக்குத் திரும்புவார். உங்களுக்கு அந்த அளவு இடைவெளி இருக்கிறது. மிதுனம் 10-ல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடியிருந்தாலே போதும், தோஷம் வந்துவிடும். அப்படி இரு வீடுகளின் எல்லையான சந்தியில் நிற்கும் கிரகத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் ராசிக் கட்டத்தைக் காட்டி பயமுறுத்துவார்கள். பூஜை முடிந்ததும் பாவகக் கட்டத்தை எடுத்துவைத்து, "பாருங்கள், விலகிவிட்டது" என்பார்கள். இரண்டு கட்டமும் குழந்தை பிறந்த அன்றே எழுதப்பட்டவை.

வரன் வீட்டார் கேட்டால், "லக்னத்துக்கு ஆறில் விலகியிருக்கிறது, சந்திரனுக்குப் பன்னிரண்டில் இருக்கிறது" என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஜோதிடருக்கு அது போதும்.