"ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்" என்று எழுதினால் ஏன் கோபித்துக்கொள்கிறார்கள்?

கேள்வி: ஆபீஸ் மெயிலில் நான் சாதாரணமாக எழுதுவதைக் கோபமாக எழுதியதாக எடுத்துக்கொள்கிறார்கள். "ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்" என்று எழுதுவது தப்பா?

பதில்: யார் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. நம் ஊர் ஆபீஸ்களில் அது "முன்பே எழுதியபடி" என்கிற வெறும் சம்பிரதாய வரி. அமெரிக்க, பிரிட்டிஷ் ஆட்களுக்கோ அது "அதான் சொன்னேனே, படிக்கலையா?" என்ற குத்தல். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பாக்கி கேட்டு மெயில் போடுவதுதான் என் வேலை என்பதால், இந்த வரியை நான் தொடுவதே இல்லை.

திங்கட்கிழமை பர்ச்சேஸ் ஆர்டர் எண் கேட்டீர்கள், வியாழன் வரை பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். "ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில், எண்ணை அனுப்பவும்" என்றால் குற்றச்சாட்டும் போகிறது, பழைய மெயிலைத் தேடுகிற வேலையும் அவர் தலையில் விழுகிறது. அதே மெயிலுக்கு ரிப்ளை போட்டு இப்படி எழுதலாம்: "214-ஆம் இன்வாய்ஸுக்கு ஆர்டர் எண் மட்டும்தான் பாக்கி. வெள்ளி மதியத்துக்குள் கிடைத்தால் இந்த மாதப் பேமென்ட்டிலேயே சேர்த்துவிடலாம். திங்களன்று அனுப்பிய விவரம் கீழே இருக்கிறது." வேண்டியது முதலில், காரணம் அடுத்து, பழைய மெயில் கடைசியில். இவ்வளவு பதமாக எழுதிவிட்டு அவருடைய மேனேஜரைப் புதிதாக சிசியில் சேர்த்தால் எல்லாம் வீண். அதைப் புகாராகத்தான் படிப்பார்.

முழுக்கக் கேப்பிட்டல் எழுத்தில் எழுதினால் சத்தம் போடுவது போல இருக்கும் என்று 1995-இலேயே RFC 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பில் எழுதிவிட்டார்கள். எக்செல்லில் இருந்து அப்படியே ஒட்டும்போதும் இது வந்துவிடலாம். கெடு தேதியை மட்டும் போல்ட் செய்தால் போதும்.

கிண்டல்தான் உண்மையான வம்பு. க்ரூகர், எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எழுதியது கிண்டலா சீரியஸா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். மெயிலில் படித்தவர்கள் கண்டுபிடித்தது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்! எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது, அவருக்குக் கேட்பதில்லை.

அதே ஆய்வில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது: எழுதியதை நேர்மாறான தொனியில் வாய்விட்டுப் படிப்பது. ஐந்து நாள் கழித்துப் பதில் போட்டவருக்கு "இவ்வளவு சீக்கிரம் அனுப்பியதற்கு மிக்க நன்றி" என்று பழக்கதோஷத்தில் எழுதியிருப்பீர்கள். நக்கலாகப் படித்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். "இவ்வளவு சீக்கிரம்" என்பதை வெட்டிவிட்டு, "எண் கிடைத்தது, நன்றி" என்று அனுப்புங்கள். அதை எந்தத் தொனியில் படித்தாலும் குத்தாது. ஏற்கெனவே முகம் சுளித்துவிட்டவரிடம் மட்டும் இதெல்லாம் எடுபடாது. அவருக்கு ஒரு போன் போட்டுவிடுவது மேல்.