தொலைபேசி வாக்குறுதியைக் கேட்டவரே எழுதி வைக்க வேண்டும்

"வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவர், வருடத்துக்கு 50,000 ரூபாய் வீதம் ஐந்து வருடம் கட்டினால் போதும், ஆறாம் வருடம் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று போனில் சொன்னதை நம்பி அப்பா ஆயுள் காப்பீட்டுக்குச் சம்மதித்துவிட்டார். பாலிசி இன்னும் வரவில்லை. அவர் சொன்னதை நான் எழுதி வைத்தால் பின்னால் செல்லுமா?" — பெரம்பூர் வாசகி

எழுதி வைப்பது பயன்படும். ஆனால் அதை உங்கள் தந்தையே, இன்றைக்கே எழுத வேண்டும். அந்த அழைப்பைக் காதால் கேட்டவர் அவர். நீங்கள் எழுதினால் அது அவர் உங்களிடம் சொன்னதன் பதிவாக மட்டுமே நிற்கும். நிகழ்வு நினைவில் பசுமையாக இருக்கும்போது ஒருவர் தாமே எழுதிய குறிப்பை, பின்னாளில் சாட்சியம் சொல்லும்போது பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளச் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. அவருக்கு எழுதுவது சிரமமென்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, அப்படி எழுதப்பட்டது என்பதையும் கீழே குறித்து, இருவரும் தேதியுடன் கையொப்பமிடுங்கள்.

குறிப்பில் பேசியவரின் சொற்களே இருக்க வேண்டும். "நல்ல லாபம் என்றார்" என்பது போன்ற சுருக்கம் எதற்கும் உதவாது. எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "12.6.2025, வியாழன், காலை 11.20 முதல் 11.34 வரை. அழைத்த எண் கைபேசியில் உள்ளது. தம் பெயரைச் சொன்னார்; பணியாளர் எண் கேட்டேன், தரவில்லை. 'அஞ்சு வருஷம் கட்டினா போதும் சார், ஆறாவது வருஷம் ஃபுல்லா எடுத்துக்கலாம்' என்றார். இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். 'அதெல்லாம் பிரச்சினை இல்லை' என்றார்." கேட்டும் கிடைக்காத பதில்களையும் விடாமல் எழுத வேண்டும். சரியாக நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதுவது குறிப்பின் நம்பகத்தைக் கூட்டும். அழைப்புப் பட்டியலில் அந்த எண்ணும் நேரமும் தெரியும்படி ஒரு திரைப்பதிவும் எடுத்துவையுங்கள்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் தோற்பது இன்னொரு அழைப்பால். பாலிசி வழங்குவதற்கு முன்போ பின்போ காப்பீட்டு நிறுவனம் ஒரு சரிபார்ப்பு அழைப்பு செய்யும். அதில் விதிமுறைகளை வேகமாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் "ஆம்" என்ற பதிலைப் பதிவு செய்துகொள்வார்கள். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க" என்று விற்றவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால், பின்னர் புகார் எழும்போது அந்தப் பதிவையே நிறுவனம் முன்வைக்கும். ஆகவே அவர் அப்படிச் சொல்லியிருந்தால் அதுவும் குறிப்பில் இடம்பெற வேண்டும். அந்த அழைப்பு இனிமேல்தான் வருமென்றால், ஐந்து வருட வாக்குறுதியை உங்கள் தந்தை அதிலேயே வாய்விட்டுச் சொல்லி, அது சரிதானா என்று கேட்டுவிட வேண்டும்.

அடுத்ததாக, குறிப்பை வீட்டில் வைத்திருப்பதோடு நிறுத்தாமல், அதன் சாரத்தைத் தந்தையின் பெயரில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு அனுப்பி, வங்கிக் கிளைக்கும் பிரதி இடுங்கள். வங்கி இங்கே முகவர் மட்டுமே, ஒப்பந்தம் நிறுவனத்தோடு. இன்ன நாளில் இன்ன நேரத்தில் இப்படிச் சொல்லப்பட்டது, இது பாலிசி விதிகளோடு பொருந்துகிறதா என்று எழுத்தில் தெரிவியுங்கள், அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள் என்று கேட்டால் போதும்.

இந்தக் குறிப்புக்கு ஓர் எல்லை உண்டு. கையொப்பமிட்ட விண்ணப்பமும் பாலிசி ஆவணமும் வேறு சொன்னால், தனியாக ஒரு குறிப்பு அவற்றை வெல்வது கடினம். எனவே பாலிசி வந்தவுடன் "பிரீமியம் செலுத்தும் காலம்", "பாலிசி காலம்" என்ற இரண்டு வரிகளையும், இடையில் பாலிசியை முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகையைக் காட்டும் சரண் மதிப்பு அட்டவணையையும் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பத்து வருடம் என்றிருந்தால், ஆவணம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் காரணத்தைக் குறிப்பிட்டு, பாலிசியைத் திருப்பித் தருவதாக எழுத்தில் அனுப்பலாம். அதுவரையிலான காப்புக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை ஆகியவற்றைக் கழித்து மீதியைத் தர வேண்டும். கிடைத்த நாளே கணக்கின் தொடக்கம் என்பதால், தபால் உறையையோ மின்னஞ்சலையோ தூக்கி எறிய வேண்டாம்.

அந்த அவகாசம் கடந்த பிறகு தகராறு எழுந்தால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; சென்னையில் அந்த அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வழியாக அன்றி உங்கள் தந்தையே நேரில் பேச வேண்டியிருக்கும். அப்போது குறிப்பின் மூலத்தையே எடுத்துச் செல்லுங்கள். அழகாகத் திருத்தி மறுபடி எழுதிய படியைக் கொடுத்தால், அது எப்போது எழுதப்பட்டது என்ற கேள்விதான் முதலில் வரும்.