மலத்தில் ரத்தம்: மூலமா, வெடிப்பா?

"வயது 38, ஜூரோங்கில் ஷிஃப்ட் வேலை. மலம் போகும்போது கண்ணாடி கிழிப்பது போல வலி, டிஷ்யூவில் சிவப்பு ரத்தம். மூலம்தானா? வீட்டிலேயே சரியாகுமா?"

நீங்கள் சொல்வது மூலத்தைவிட ஆசனவாய் வெடிப்புக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. உள்மூலம் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் சொட்டும். வெடிப்பில் கிழிக்கும் வலி வரும், போய்வந்த பிறகும் மணிக்கணக்கில் எரியும். இறுகிய மலம் தோலைக் கிழிக்க, வலியில் சுருக்குத் தசை இறுகி அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது. புண் ஆறாது. வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகும்.

அதனால் முதல் வேலை மலத்தை இளக்குவது. இரவு ஷிஃப்டில் தண்ணீரே குடிக்காமல் கோப்பியில் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். பழம், கீரை, நிறையத் தண்ணீரோடு இசப்கோல். போதாவிட்டால் மருந்தகத்தில் லாக்டுலோஸ் கேளுங்கள். மலம் போனபின் வெதுவெதுப்பான நீரில் 10-15 நிமிடம் உட்காருங்கள், தசை தளரும். டெட்டால் கலக்க வேண்டாம், எரிச்சல்தான் கூடும். ஓரிரு வாரத்தில் குறையவில்லை என்றால் பாலிகிளினிக் போங்கள். தசையைத் தளர்த்தும் களிம்பு தருவார்கள், அதில் சிலருக்குத் தலைவலி வரும்.

ரத்தம் கருத்தோ மலத்தோடு கலந்தோ வந்தால், மலப்போக்கு சில வாரமாக மாறியிருந்தால், எடை குறைந்தால், ரத்தசோகை இருந்தால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால் காத்திருக்காதீர்கள். கொலனோஸ்கோப்பி தேவைப்படலாம். 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கொடுக்கும் மலப் பரிசோதனைப் பெட்டி அறிகுறி இல்லாதவர்களுக்கானது. கண்ணுக்குத் தெரிந்து ரத்தம் போகிறவர் அதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ரத்தம் நிற்காமல் கொட்டினாலோ தலைசுற்றினாலோ 995.